இரவு வணக்கச் செய்தியில் ஒருமையும் பன்மையும்

“என்னுடன் பணிபுரியும் ஆங்கிலேயர், ஸ்பானிய நண்பருக்கு ‘புவெனா நோச்சே’ என்று அனுப்பினார், நண்பர் சிரித்துவிட்டாராம். எங்கே பிழை?”

ஆங்கிலத்தில் இரவு ஒருமை என்பதால் அவர் அதையே சொல்லுக்குச் சொல் மாற்றியிருக்கிறார். ஸ்பானியத்திலோ தனித்து நிற்கும் வாழ்த்து ‘புவெனாஸ் நோச்செஸ்’ என்று பன்மையில்தான் வரும். ஆனால் ‘உனக்கு நல்ல இரவு அமையட்டும்’ என்று முழு வாக்கியமாக எழுதினால், ‘கே தெங்காஸ் உனா புவெனா நோச்சே’ என ஒருமையே சரியாகும்.

இந்தப் பன்மையை இத்தாலியத்துக்குக் கொண்டுபோகக் கூடாது: அங்கே ‘புவோனநொத்தே’ ஒருமை.

ஸ்பானிய வாழ்த்து இரவில் சந்திக்கும்போதும் பொருந்தும். பிரெஞ்சின் ‘போன் நுயி’ உறங்கப்போகும் நேரத்துக்கே உரியது என்பதால், இரவு எட்டு மணிக்கு அதை அனுப்பி உரையாடலைத் தொடங்கினால், பெறுபவர் பேச்சு முடிந்துவிட்டதென்றே எண்ணுவார். அங்கே ‘போன்ஸ்வார்’ வேண்டும்.