198 செ.மீ. கணவர், 147 செ.மீ. மனைவி: எந்தக் கணக்கை நம்புவது?

*டாக்டர், என் கணவரின் உயரம் 198 செ.மீ., எடை 100 கிலோ. நான் 147 செ.மீ., 53 கிலோ. பிஎம்ஐ பார்த்தால் அவருக்கு 25.5, அதனால் அதிக எடையாம். எனக்கு 24.5, நான் நார்மலாம். ஆனால் அவருக்குத் தொப்பையே இல்லை, எனக்குத்தான் இருக்கிறது. மிக உயரமானவர்களுக்கும் குள்ளமானவர்களுக்கும் பிஎம்ஐ சரிவராது, பாண்டரல் இண்டெக்ஸ்தான் பார்க்க வேண்டும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அதில் போட்டால் எங்கள் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. எதை நம்புவது? இடுப்புச் சுற்றளவு அவருக்கு 92 செ.மீ., எனக்கு 79.*
*— ஒரு வாசகி*

முதலில் பிஎம்ஐயில் அதிக எடை தொடங்கும் 25 என்ற கோட்டை உங்கள் இருவருக்கும் கிலோவில் போட்டுப் பார்ப்போம். உங்கள் கணவரின் உயரத்துக்கு 25 என்பது 98 கிலோ. உங்கள் உயரத்துக்கு 54 கிலோ. அவர் கோட்டுக்கு 2 கிலோ அந்தப் பக்கம், நீங்கள் 1 கிலோ இந்தப் பக்கம். உடுத்தியிருக்கும் துணியும், எடை பார்ப்பதற்கு முன் சாப்பிட்டோமா இல்லையா என்பதும்கூட ஏறக்குறைய அவ்வளவு மாற்றிவிடும். ஆக, 'அதிக எடை', 'நார்மல்' என்ற இரண்டு பட்டங்களையும் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருவருமே கோட்டை ஒட்டித்தான் நிற்கிறீர்கள்.

இப்போது பாண்டரல் இண்டெக்ஸ். ரோரர் என்பவர் 1921-இல் முன்வைத்ததால் ரோரர் குறியீடு என்றும் சொல்வார்கள். பிஎம்ஐயில் கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறோம். இதில் உயரத்தின் கனத்தால், அதாவது உயரத்தை மூன்று முறை போட்டுப் பெருக்கி வகுக்கிறோம். உங்கள் கணவருக்கு 12.9 வரும், உங்களுக்கு 16.7 வரும். 170 செ.மீ. ஆள் ஒருவரின் பிஎம்ஐ 18.5-இலிருந்து 25 வரை என்றால், அது பாண்டரலில் சுமார் 11-இலிருந்து 14.7 வரை. அந்த அளவில் வைத்தால் அவர் நடுவில் இருக்கிறார், நீங்கள் நன்றாகவே தாண்டிவிட்டீர்கள். தலைகீழாகிவிடுகிறது என்று நீங்கள் சொல்வது இதைத்தான்.

கனத்தால் வகுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு பொருளை வடிவம் மாறாமல் பெரிதாக்கினால் அதன் கனஅளவு உயரத்தின் கனத்தைப் போலத்தான் கூடும். 170 செ.மீ., 70 கிலோ ஆளை அப்படியே 198 செ.மீ.க்கு இழுத்தால் எடை 110 கிலோவைத் தாண்டும். வர்க்கக் கணக்கு அவருக்கு 95 கிலோதான் கொடுக்கிறது. அதே ஆளை 147 செ.மீ.க்குச் சுருக்கினால் கனக் கணக்கில் 45 கிலோ, வர்க்கக் கணக்கில் 52.

சிக்கல் என்னவென்றால் மனிதர்கள் அப்படி வளர்வதில்லை. உயரமானவர் குட்டையானவரின் பெரிதாக்கிய நகல் இல்லை. உயரம் கூடும் அளவுக்கு அகலமும் தடிமனும் கூடுவதில்லை. நிறையப் பெரியவர்களின் எடையையும் உயரத்தையும் வைத்துப் பார்க்கும்போது, எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டித்தான் ஏறுகிறது. பெல்ஜியத்தின் புள்ளியியல் அறிஞர் கெட்லே 1830-களிலேயே இதைக் கவனித்தார். 1972-இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸும் குழுவினரும் பல குறியீடுகளை ஒப்பிட்டு, உயரத்தோடு ஒட்டாமல் நிற்பது எது என்று பார்த்துத்தான் வர்க்கக் கணக்குக்கு பிஎம்ஐ என்று பெயரிட்டார்கள். நல்ல குறியீடு என்றால், ஒருவர் நெட்டையா குட்டையா என்பது மட்டும் அதன் எண்ணை மாற்றக்கூடாது. பாண்டரல் இந்தச் சோதனையில் தோற்கிறது. பெரியவர்களில் குட்டையானவர்களைப் பொதுவாகவே குண்டாகக் காட்டும், நெட்டையானவர்களை ஒல்லியாகக் காட்டும். ஆக, உங்கள் 16.7-இல் ஒரு பகுதி உங்கள் உடம்பு, ஒரு பகுதி அந்தச் சூத்திரத்தின் சாய்வு.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை ஆக்ஸ்ஃபோர்டு கணிதப் பேராசிரியர் நிக் டிரெஃபெத்தன் 2013-இல் சொன்னார். எடையை 1.3-ஆல் பெருக்கி, உயரத்தின் 2.5 அடுக்கால் வகுப்பது. கால்குலேட்டரில் போட வேண்டுமானால் உயரத்தின் வர்க்கத்தை உயரத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கி, அதால் வகுக்க வேண்டும். உங்கள் கணவருக்கு 23.6, உங்களுக்கு 26.3. 169 செ.மீ. உயரத்தில் இது பிஎம்ஐயோடு சரியாக ஒன்றிப்போகும், அந்த 1.3 அதற்காகவே வைத்தது. ஒரு கணித அறிஞரின் நியாயமான யோசனை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மருத்துவத்தில் இதற்கென்று சோதித்துப் பார்த்த எல்லைக்கோடுகள் இல்லை என்பதால் நான் இதை வைத்து யாரிடமும் முடிவு சொல்வதில்லை.

பாண்டரல் உண்மையிலேயே உதவுவது பிறந்த குழந்தைகளுக்கு. அங்கே கிராமை செ.மீ.யின் கனத்தால் வகுத்து 100-ஆல் பெருக்குவார்கள். 2.5 கிலோவில் இரண்டு குழந்தைகள் பிறக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 46 செ.மீ., அதற்கு 2.57 வரும், சின்னக் குழந்தை, ஆனால் உடல் அளவாகவே இருக்கிறது. இன்னொன்று 50 செ.மீ., அதற்கு 2.0 தான், நீளம் வந்திருக்கிறது, சதை வைக்கவில்லை, கருவின் கடைசி மாதங்களில் ஊட்டம் போதாமல் போயிருக்கலாம். எடை ஒன்றேதான் என்றாலும் மருத்துவர் பார்க்கும் பார்வை வேறாகிவிடும்.

அப்புறம், உயரத்தை யார் அளந்தது என்று நீங்கள் எழுதவில்லை. 147-ஐ 150 என்று சொல்லும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த மூன்று செ.மீ. உங்கள் பாண்டரலை 16.7-இலிருந்து 15.7 ஆக்கிவிடும். அடுக்கு கூடக் கூட உயரத்தில் வரும் தவறும் பெரிதாகும். செருப்பில்லாமல், குதிகால் சுவரில் பட நின்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்குப் பதில் கடைசி வரியில் நீங்களே எழுதிய இடுப்பளவில் இருக்கிறது. எடையைப் பற்றிக் கவலைப்படுவதே பெரும்பாலும் வயிற்றுக்குள் சேரும் கொழுப்புக்காகத்தான். மேலே பார்த்த மூன்று சூத்திரங்களில் எதற்கும் வயிறு எங்கே என்று தெரியாது. இடுப்புச் சுற்றளவை உயரத்தால் வகுத்தால் அவருக்கு 0.46, உங்களுக்கு 0.54. இங்கிலாந்தில் மருத்துவ நெறிமுறைகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் 0.5-ஐக் கோடாக வைக்கிறது, 0.6-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்கிறது. பெண்களுக்கு 80 செ.மீ. என்ற வழக்கமான வரம்பை மட்டும் பார்த்தால் 79 என்று நீங்கள் தப்பிவிடுவீர்கள். ஆனால் உங்கள் உயரத்தின் பாதி 73.5 தான்.

அந்த 79 பேன்ட் அளவாக இருந்தால் கணக்கு செல்லாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பின், டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும். இந்த விகிதமும் குட்டையானவர்களுக்குக் கொஞ்சம் கூட்டிச் சொல்லும், அதையும் சொல்லிவிடுகிறேன். அதனால் 0.54-ஐ நோய் என்று நினைக்க வேண்டாம். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் சரியாக இருந்தால் சில மாதம் கழித்து இடுப்பை மறுபடி அளந்தால் போதும்.

உங்கள் கணவர் அவருடைய 25.5-ஐ விட்டுவிடலாம். ஆனால் அவருடைய கைகளும் விரல்களும் உயரத்துக்கு மீறி நீளமாக இருந்து, கைகளை விரித்து அளந்தால் 198-ஐ நன்றாகத் தாண்டினால், எடையை ஒதுக்கிவிட்டு இதயத்தை ஒரு மருத்துவரிடம் காட்டச் சொல்வேன். அது இதயத்தையும் பாதிக்கும் மார்ஃபான் என்ற மரபுக் கோளாறின் அடையாளமாக இருக்கலாம், எந்தக் குறியீட்டிலும் தெரியாத விஷயம். அதேபோல் குள்ளத்துக்குக் காரணம் எலும்பு வளர்ச்சிக் குறைபாடாக இருந்து, உடல் சாதாரண அளவிலும் கைகால் மட்டும் குட்டையாகவும் இருந்தால், பிஎம்ஐ, பாண்டரல், இடுப்பு விகிதம் எல்லாமே தவறாகத்தான் சொல்லும். உங்களுக்கு அப்படி இல்லை என்றால் மேலே சொன்னது பொருந்தும்.