குழு விவாதத்தில் மறுத்துப் பேசுவது: கடலூரிலிருந்து எழுதிய ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளுக்குப் பாடமும் தெரியும், ஆங்கிலமும் தெரியும், ஆனாலும் மூன்று நிறுவனங்கள் குழு விவாதத்தோடு திருப்பி அனுப்பிவிட்டன, கூச்சம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். சென்ற சனிக்கிழமை அவள் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்து எங்கள் பயிற்சி விவாதத்தில் உட்கார்ந்தாள். கூச்சம் துளியும் இல்லை. அவள் கருத்தைச் சொல்லும் விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. அது திருத்தக்கூடியது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அன்று ஒன்பது பேர் இருந்தார்கள். நேரம் பன்னிரண்டு நிமிடம். கடற்கரைச் சாலையில் பகலிலும் வாகனங்களைத் தடை செய்யலாமா என்பதுதான் தலைப்பு. நடப்பவர்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் அது நல்லது என்று ஒரு பையன் சொன்னான். உங்கள் மகள் உடனே, "நோ, யூ ஆர் ராங். டிராஃபிக் வில் கோ இன்டு தி ஸ்மால் ஸ்ட்ரீட்ஸ்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கடற்கரைச் சாலையை அடைத்தால் வண்டிகள் துய்மா வீதிக்கும் ரோமன் ரோலண்டு வீதிக்கும் திரும்பக்கூடும், அவை குறுகலானவை. ஆனால் அந்தப் பையன் அதன் பிறகு போக்குவரத்தைப் பற்றிப் பேசவேயில்லை. தான் சொன்னது தவறில்லை என்று நிரூபிப்பதிலேயே அடுத்த இரண்டு நிமிடமும் போயிற்று. அவளுடைய நல்ல கருத்தை யாரும் கையில் எடுக்கவில்லை. மதிப்பெண் போடுகிறவர் இதைத்தான் கவனிப்பார்: ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் அந்தக் கருத்துக்குப் பதில் சொல்கிறாரா, பேசியவரோடு மல்லுக்கு நிற்கிறாரா?

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. இடைவேளையில் உங்கள் வீட்டு ஆயாவோடு அவள் தொலைபேசியில் பேசினாள். மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா எடுப்பது என்பதில் ஆயா தவறாகச் சொல்லியிருக்கிறார் போலும். "பின்னால் சாப்பிடச் சொல்லியிருப்பார்களோ ஆயா, சீட்டை ஒருமுறை பாருங்களேன்" என்றாள். அந்த ஓகாரத்தைக் கவனியுங்கள். "இருக்குமோ", "சொல்லியிருப்பார்களோ" என்று ஓர் எழுத்தைச் சேர்த்ததும் மறுப்பு ஒரு ஐயமாக மாறிவிடுகிறது, முடிவு ஆயாவின் கையிலேயே இருக்கிறது. தமிழில் இதை இவ்வளவு அழகாகச் செய்கிறவள் ஆங்கிலத்தில் ஏன் முரடாகிவிடுகிறாள்?

காரணம் சொல்வரிசையில் இருக்கிறது. தமிழில் கருத்தைத் தணிக்கும் பகுதி பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். "வண்டிகள் சின்னத் தெருக்களுக்குள் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது" என்போம். "வரலாம்", "வரும் போலிருக்கிறது" என்போம். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் முதலில் வரவேண்டும்: "இட் சீம்ஸ் டு மீ தட்" என்று தொடங்கிப் பிறகுதான் கருத்து. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசும் பிள்ளைகள் கருத்தை முதலில் போட்டுவிடுகிறார்கள். தணிக்கும் பகுதிக்கு வந்து சேர்வதற்குள் வாக்கியம் முடிந்துவிடுகிறது, அல்லது வேறொருவர் குறுக்கே பேசிவிடுகிறார். மிஞ்சுவது வெறும் தீர்ப்புதான்.

"இட் சீம்ஸ் டு மீ" என்பது அவளுக்கு அந்நியமான வடிவமும் இல்லை. "எனக்குத் தோன்றுகிறது" என்பதில் "நான்" எழுவாய் இல்லை; கருத்து தானாக என்னிடம் வருகிறது, "எனக்கு" என்று நான்காம் வேற்றுமையில் நான் ஓரமாக நிற்கிறேன். ஆங்கிலத் தொடரும் அப்படியே அமைந்திருக்கிறது. பிரெஞ்சு படித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு "இல் ம சாம்பிள்" என்று அதே அமைப்பு அங்கேயும் உண்டு என்று சொன்னால் முகம் மலர்ந்துவிடும். ஆகவே அவளிடம் நான் சொன்னது இதுதான்: தமிழில் பேசும்போதும் ஒரு மாதம் "எனக்குத் தோன்றுவது என்னவென்றால்" என்று முன்னால் வைத்துப் பழகு. இடம் பழகிவிட்டால் ஆங்கிலத்திலும் அது தானாக முன்னால் வரும்.

இன்னொரு இடமும் உண்டு, அது நுணுக்கமானது. "அது சரிவராது என்று நினைக்கிறேன்" என்பது தமிழில் மென்மையாகவே ஒலிக்கிறது. அதை அப்படியே "ஐ திங்க் இட் வில் நாட் வொர்க்" என்று மாற்றினால் ஆங்கிலக் காதுக்கு மறுப்பு கருத்தின் மேலேயே விழுகிறது. அவர்கள் எதிர்மறையை முன்னால் தூக்கி "ஐ டோண்ட் திங்க் இட் வில் வொர்க்" என்பார்கள். பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் கடுமை குறைந்துவிடுகிறது. "ஐ திங்க்" என்பதில் எந்தச் சொல்லை அழுத்துகிறாள் என்பதும் முக்கியம். "ஐ" மேல் அழுத்தினால் "நான் சொல்கிறேன், கேளுங்கள்" என்றாகும். உங்கள் மகள் அன்று மூன்று முறை அப்படித்தான் சொன்னாள்.

இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததும் பிள்ளைகள் மறுபக்கம் சாய்வதையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது சுற்றில் அவள், "ஐ திங்க் மேபி இட் மைட் பாசிபிளி" என்று நான்கு தணிப்புகளை அடுக்கினாள். அப்படிப் பேசினால் அவளுக்கே நம்பிக்கையில்லை என்றுதான் படும். ஒரு கருத்துக்கு ஒன்று போதும். உறுதியான தகவலுக்கு அதுவும் கூடாது. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களை அனுமதிப்பதில்லை என்பது ஊருக்கே தெரிந்த செய்தி. அதை "அனுமதிப்பதில்லை என்று நினைக்கிறேன்" என்றால் ஊரையே பார்க்காதவள் போலாகிவிடும். பகலிலும் அடைத்தால் என்ன ஆகும் என்பது ஊகம். தணிப்பு அங்கேதான் வேண்டும்.

மூன்றாவது முறை அவள் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நடப்பவர்களுக்கு நல்லது என்று நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். மாலையில் ஏற்கெனவே சாலை மூடித்தான் இருக்கிறது. பகலிலும் மூடினால் பக்கத்து வீதிகளில் நெரிசல் கூடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் அலுவலகங்களுக்கு வருகிறவர்கள் பகலில்தான் வருகிறார்கள்." ஏற்பு, தகவல், ஒரே ஒரு தணிப்போடு ஊகம், அதற்குக் காரணம். காரணத்தை விட்டுவிட்டால் "எனக்குத் தோன்றுகிறது" என்பது வெறும் தயக்கமாகிவிடும். அந்தப் பையன் இம்முறை சண்டைக்கு வரவில்லை. "அப்படியென்றால் வார இறுதியில் மட்டும் மூடலாமே" என்றான். பேச்சு நகர்ந்தது. கடைசியில் அந்தக் குழு சொன்ன முடிவும் அதுவே.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. இரவுச் சாப்பாட்டின்போது ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே அவளோடு மாறுபட்டுப் பேசுங்கள். பத்து நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். பிறகு அவளே கேட்டு, "இல்லை", "தப்பு" என்று எத்தனை முறை தொடங்கினாள் என்று தாளில் குறிக்கட்டும். நீங்கள் திருத்தாதீர்கள். அம்மா திருத்தினால் அதுவே இன்னொரு விவாதமாகிவிடும், அவள் காதே அவளுக்குச் சொல்லும்.

முடிவில் நடுவர் நேராகத் திரும்பி, "உன் நிலைப்பாடு என்ன, ஆதரவா எதிர்ப்பா?" என்று கேட்டால் மட்டும் தணிப்பு எதுவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அங்கே ஒற்றைச் சொல்லில் பதில், அதன்பின் காரணம். வரும் சனிக்கிழமை அதற்குத்தான் பயிற்சி. காலை பத்து மணிக்குள் வந்துவிடச் சொல்லுங்கள், அந்தப் பதிவையும் மறக்காமல் கொண்டுவரட்டும்.