எமர்ஜென்சி லைட், சோலார் விளக்கு: அட்டையில் போட்ட எண்களைப் படிப்பது எப்படி?

கேள்வி (கரூர், எலக்ட்ரிகல் கடை): சார், கடையில் மூன்று மாடல் விளக்கு வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் படம் போட்டால் எல்லாரும் "எத்தனை மணி நேரம் எரியும்?" என்று மட்டும்தான் கேட்கிறார்கள். அட்டையில் இருப்பதை அப்படியே எழுதினால் பிறகு வந்து சண்டை போடுகிறார்கள். விவரத்தை எப்படி எழுதுவது?

பதில்: அட்டையில் "300 லூமன், 7 மணி நேரம், சோலார் சார்ஜிங்" என்று இருக்கும். மூன்றும் தனித்தனியாக உண்மையாகவே இருக்கலாம். சேர்ந்து உண்மையாக இருக்காது, சண்டை வருவது அதனால்தான்.

பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் லாந்தர் ஒன்றில் 3.7 வோல்ட், 2400 எம்ஏஹெச் செல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2400-ஐ ஆயிரத்தால் வகுத்து வோல்ட்டால் பெருக்கினால் 8.9 வாட் அவர் வரும், பேட்டரியில் அடங்கும் மொத்தச் சக்தி அதுதான். சர்க்யூட்டில் வீணாவது போக ஏழரை கைக்கு வரும் என்று கணக்கு வையுங்கள். இந்த மாதிரி விளக்குகளில் ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமன் கிடைக்கும். 300 லூமன் வேண்டுமென்றால் 3 வாட் இழுக்கும், இரண்டரை மணி நேரத்தில் தீரும். ஒரு வாட்டில், அதாவது 100 லூமனில் வைத்தால்தான் அந்த 7 மணி நேரம். அதனால் வெளிச்சத்தையும் நேரத்தையும் ஒருபோதும் பிரித்து எழுதாதீர்கள்.

அதே விளக்கின் தலையில் 10 சென்டிமீட்டருக்கு 6 சென்டிமீட்டர் பேனல் இருந்தால், நல்ல வெயிலில் ஒரு வாட்டை ஒட்டித் தரும். நம் ஊரில் ஒரு நாள் வெயில் முழுவதையும் சேர்த்தால் ஐந்து மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம் என்று எடுத்துக்கொள்ளலாம். இழப்பு போக நாளைக்கு 3 வாட் அவர் ஏறும். ஆக, நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"பெரிய வெளிச்சம் (சுமார் 300 லூமன்): இரண்டரை மணி நேரம். சின்ன வெளிச்சம் (சுமார் 100 லூமன்): 7 மணி நேரம். ஒரு ஆம்பியர் போன் சார்ஜரில் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் நிரம்பும். மேலே உள்ள பேனலில் மட்டும் என்றால் நல்ல வெயிலில் மூன்று நாள்."

எழுதுவதற்கு முன் ஒரு விளக்கையாவது முழுக்க சார்ஜ் செய்து சாயங்காலம் ஏற்றிப் பாருங்கள். மலிவு விளக்குகள் முதல் மணி நேரத்தில் பளிச்சென்று எரிந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போகும். அட்டைக்காரர் கடைசி மினுக் வரைக்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்திருப்பார். "முதல் இரண்டு மணி நேரம் படிக்கலாம், அப்புறம் நடமாட மட்டும்" என்று எழுதினால் யாரும் சண்டைக்குத் திரும்பி வர மாட்டார்கள்.

கேள்வி (திருச்சி): இவ்வளவு கணக்கு எதற்கு அண்ணே? எம்ஏஹெச் அதிகமாக இருப்பதை வாங்கினால் முடிந்தது. நான் 4500-ஐ விட்டுவிட்டு 6000 வாங்கினேன்.

பதில்: ஒரே வகை பேட்டரி என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் 4500 என்பது பெரும்பாலும் 6 வோல்ட் லெட் ஆசிட். அது 27 வாட் அவர். உங்கள் 6000 லித்தியம் 3.7 வோல்ட், 22 தான். காகிதத்தில் நீங்கள் குறைவானதை வாங்கியிருக்கிறீர்கள். கையில் கிடைப்பது வேறு கதை. லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், லித்தியத்தில் ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். அதனால் வாங்கியது தப்பில்லை, காரணம்தான் வேறு. 6000 உண்மையிலேயே 6000-தானா என்றும் பாருங்கள். விரல் பருமனில் இருக்கும் ஒற்றை 18650 செல்லில் அந்த அளவு கிடைக்காது. நல்ல செல்லே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கும். உள்ளே இரண்டு செல் இருந்தால் நம்பலாம்.

கேள்வி (மதுரை): 9 வாட் இன்வெர்ட்டர் பல்பு, 4 மணி நேரம் பேக்கப் என்று வாங்கினேன். கரண்ட் போனால் வெளிச்சம் கால்வாசிதான் வருகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: ஏமாற்றவில்லை, பாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பல்புகளுக்குள் பெரும்பாலும் 2200 எம்ஏஹெச் செல் ஒன்றுதான் இருக்கும், எட்டு வாட் அவர். அதை 9 வாட்டில் எரித்தால் ஒரு மணி நேரம்கூட தாங்காது. நான்கு மணி நேரம் தாங்க வேண்டுமானால் 2 வாட்டுக்கு மேல் போக முடியாது. கரண்ட் இருக்கும்போது 900 லூமன், போனால் 200 லூமன். கால்வாசி என்று நீங்கள் கண்ணால் சொன்னதே சரியான அளவு.

இந்தப் பல்பில் இன்னொரு சங்கதி உண்டு. சுவிட்ச் போட்டிருந்தால்தான் சார்ஜ் ஏறும். அதுவும் மெதுவாக, எட்டு பத்து மணி நேரம் பிடிக்கும். பகலெல்லாம் சுவிட்சை அணைத்து வைத்துவிட்டு இரவில் இரண்டு மணி நேரம் எரிக்கும் அறையில் இதை மாட்டினால் பேட்டரி நிரம்ப நான்கைந்து நாள் ஆகிவிடும். தினமும் நீண்ட நேரம் விளக்கு எரியும் கூடத்திலோ வராந்தாவிலோ மாட்டுங்கள். மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டால் சில பல்புகள் எரியாது. வயரிங்கின் மறுமுனையில் சுற்று மூடியிருக்கிறதா என்று பார்த்துத்தான் அது கரண்ட் போனதைப் புரிந்துகொள்கிறது.

கேள்வி (சேலம்): என் வீட்டில் 150 ஏஹெச் இன்வெர்ட்டர் பேட்டரி இருக்கிறது. அதில் ஃப்ரிட்ஜ் எத்தனை மணி நேரம் ஓடும் என்று சொல்ல முடியுமா?

பதில்: இங்கே பேசுவது கையில் தூக்கிப்போகும் விளக்குகளைப் பற்றி. ஃப்ரிட்ஜுக்குக் கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டையும் பார்க்க வேண்டும், அது தனிக் கணக்கு. இன்வெர்ட்டர் எத்தனை வி.ஏ. என்பதோடு தனியாகக் கேளுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): "20 வாட் பேனல்" என்று சொல்லி ஒரு சோலார் விளக்கு கொடுத்தார்கள். பேனல் ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கிறது. நாள் முழுக்க வெயிலில் வைத்தும் ராத்திரி ஒன்பது மணிக்கே அணைந்துவிடுகிறது. பேட்டரி கோளாறா?

பதில்: முதலில் ஸ்கேலை எடுங்கள். இன்று கிடைக்கும் நல்ல செல்லில் ஒரு வாட்டுக்குச் சுமார் 50 சதுர சென்டிமீட்டர் வேண்டும். நோட்டு அளவு என்றால் 15-க்கு 20, அதாவது 300 சதுர சென்டிமீட்டர். எப்படிப் போட்டாலும் 6 வாட்டைத் தாண்டாது. உண்மையான 20 வாட் பேனல் ஒன்றரை அடிக்கு ஒரு அடி அளவில் இருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் பேனல் வயரை விளக்கிலிருந்து கழற்றி, உச்சி வெயிலில் பேனலை வெயிலுக்கு நேராகப் பிடித்து, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றி நேரடியாகக் கரண்ட் பாருங்கள். பேனலை இப்படிக் குறுக்கிணைத்தால் ஒன்றும் ஆகாது. பேட்டரியில் மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். 6 வோல்ட் பேனல் 6 வாட் என்றால் ஒரு ஆம்பியரை ஒட்டிக் காட்ட வேண்டும். அரை ஆம்பியர் காட்டினால் அது 3 வாட் பேனல், ஸ்டிக்கரில் எது இருந்தாலும் சரி. மீட்டர் சரியாகக் காட்டியும் விளக்கு அணைகிறதென்றால் அப்போதுதான் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டும்.

அதே சமயம் பேனலின் ஒரு மூலையில் தென்னங்கீற்று நிழலோ துணிக்கொடி நிழலோ விழுகிறதா என்று பாருங்கள். செல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால் ஒரு செல் மறைந்தாலே மொத்தக் கரண்ட்டும் படுத்துவிடும். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதும் வீண். விளக்கும் பேனலும் ஒரே உடம்பாக இருக்கும் மாடல் என்றால், வெயிலில் பேட்டரியும் சேர்ந்து காய்கிறது. லித்தியத்துக்கு அது ஆகாது. வயர் வைத்த தனிப் பேனலை நான் எப்போதும் மேலாக நினைப்பது இதனால்தான்.

கேள்வி (வேதாரண்யம்): 2018 கஜா புயலில் எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அடுத்த முறைக்காக இரண்டு அறைக்கு இரவு ஐந்து மணி நேரம் வெளிச்சம் வருமாறு ஒரு ஏற்பாடு வேண்டும். என்ன அளவில் வாங்குவது?

பதில்: அறைக்கு ஒரு 2 வாட் விளக்கு, சமைக்கவும் சாப்பிடவும் தாராளம். இரண்டு விளக்கு, ஐந்து மணி நேரம், இரவுக்கு 20 வாட் அவர். புயல் நாளும் மறுநாளும் வெயில் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இரண்டு இரவு தாங்க வேண்டும், 40 வாட் அவர். 12 வோல்ட் 7 ஏஹெச் லெட் ஆசிட் பேட்டரி 84 வாட் அவர், பாதி இறக்கினால் 42. கணக்கு சரியாக உட்காரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 12.8 வோல்ட் 4 ஏஹெச் போதும், விலைதான் கூட.

பேனலை நல்ல வெயிலுக்குக் கணக்குப் போட்டால் 7 வாட் போதும். ஆனால் மேகமூட்டத்தில் பேனல் தன் சக்தியில் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோதான் தரும். அதனால் 20 வாட்டாக வாங்குங்கள். வெயில் வந்த முதல் நாளிலேயே இரண்டு இரவுக்கு உண்டானதை மீட்டுவிடும், மீதியில் போனுக்கும் ஏற்றலாம். நடுவில் சின்னதாக ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம். நீங்கள் வாங்கும் பேட்டரி வகைக்கு ஏற்றதுதானா என்று கேட்டு வாங்குங்கள். பேனலைத் தெற்கு பார்த்துச் சற்றே சாய்த்து வையுங்கள், தட்டையாக வைத்தால் அழுக்கு தங்கும். கழற்றி எடுக்கும்படியாக மாட்டுங்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் பேனல் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், அது பறந்து போனால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

கேள்வி (கும்பகோணம்): எல்லாரும் லித்தியம் லித்தியம் என்கிறீர்கள். என் வீட்டு பழைய லெட் ஆசிட் லைட் ஆறு வருஷமாக ஓடுகிறது. தங்கச்சி வீட்டு லித்தியம் ஒன்றரை வருஷத்தில் போய்விட்டது.

பதில்: உங்கள் லைட் எப்போதும் பிளக்கில் சொருகியே இருந்திருக்கும், மாதத்தில் சில தடவைதான் எரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். லெட் ஆசிட்டுக்கு அது பிடித்த வாழ்க்கை. அதையே காலியாக விட்டுப் பீரோவில் வைத்திருந்தால் சில மாதங்களில் தகட்டில் சல்பேட் படிந்து, பன்னிரண்டு மணி நேரம் சார்ஜ் போட்டாலும் பத்து நிமிடத்தில் அணைந்திருக்கும். தங்கச்சி வீட்டு விளக்கு வெயிலிலோ அடுப்பு மேடை பக்கத்திலோ இருந்ததா என்று கேளுங்கள். செல் உப்பியிருந்தால் மேற்கொண்டு சார்ஜ் போட வேண்டாம், கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

எது நல்லது என்று ஒரே வார்த்தையில் என்னால் சொல்ல முடியவில்லை. தினம் இறக்கி ஏற்றும் சோலார் விளக்குக்கு லித்தியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சுவரில் மாட்டி எப்போதாவது எரியும் விளக்கில், பேட்டரியை எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம் என்ற ஒரு வசதிக்காகவே லெட் ஆசிட்டை இன்னும் கேட்டு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் உங்களுடையதை மாற்ற வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பிளக்கைக் கழற்றி, ஒரு மணி நேரம் எரியவிட்டு, மங்கத் தொடங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.