வடக்குக்கோடும் படம் பிடித்த வினாத்தாளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை பேரிங், அதாவது திசைக்கோணம் பற்றியவை. பலரும் செல்போனில் படம் பிடித்து வந்த வினாத்தாளை வைத்துத்தான் அளக்கிறார்கள். அதனால் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகளுக்கு டியூஷன் வினாத்தாள் வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. கடையில் பிரிண்ட் எடுத்து அளக்கிறாள். விடைத்தாளில் 065° என்று இருக்கிறது, இவளுக்கு எத்தனை முறை அளந்தாலும் 067° வருகிறது. பாகைமானியைச் சரியாகத்தான் வைக்கிறாள். தவறு எங்கே சார்?
(அழகாபுரத்திலிருந்து ஒரு தாயார்)

உங்கள் மகள் சரியாகத்தான் அளக்கிறாள் அம்மா. அவள் கையில் இருக்கும் படத்தில் அந்தக் கோணம் உண்மையிலேயே 067° ஆகியிருக்கும். எத்தனை முறை அளந்தாலும் அதே விடை வருவதுதான் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தது. கை தவறினால் ஒருமுறை 064°, ஒருமுறை 066° என்று மாறி மாறி வந்திருக்கும்.

ஒரு படத்தை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெரிதாக்கினாலோ சிறிதாக்கினாலோ கோணம் மாறாது. அகலம் அப்படியே இருக்க உயரம் மட்டும் சுருங்கினால் கோணம் மாறிவிடும். உயரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 065° என்பது 067°-க்குச் சற்று மேலே போய் நிற்கும். 045° சுமார் 048° ஆகும். வடக்குக்கோட்டின் மீதே இருக்கும் 000°-யும், அதற்குச் செங்குத்தான 090°-யும் அசையாது. அதனால் ஒரே தாளில் சில கேள்விகளுக்கு விடை சரியாக வரும், சிலவற்றுக்கு வராது.

இப்படிச் சுருங்க இரண்டு வழி உண்டு. கடையில் படத்தை வேர்டு பக்கத்தில் வைத்து, இடத்துக்குள் அடங்குவதற்காக மேல் விளிம்பைப் பிடித்து இழுத்திருப்பார்கள். அல்லது படம் எடுத்தவர் போனைத் தாளுக்கு நேர் மேலே பிடிக்காமல் சாய்த்துப் பிடித்திருப்பார். ஏறக்குறைய 25° சாய்ந்தாலே உயரம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். சாய்த்து எடுத்த படத்தில் இன்னொரு கோளாறும் சேரும்: தாளின் மேல் பக்கம் கேமராவிலிருந்து தள்ளி இருப்பதால் அது குறுகித் தெரியும்.

கண்டுபிடிப்பது எளிது. தாளில் இரண்டு இடத்தில் வடக்குக்கோடு இருந்தால், மூலைமட்டத்தை ஸ்கேலோடு சேர்த்து ஒன்றிலிருந்து மற்றதற்கு நகர்த்திப் பாருங்கள். வடக்குக்கோடுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மேலே போகப் போக நெருங்கினால் படம் சாய்வாக எடுக்கப்பட்டது. ஆனால் இழுத்துச் சுருக்கிய படத்தில் அவை இணையாகவே இருக்கும், இந்தச் சோதனையில் அது தப்பிவிடும். அதற்குத் தாளின் முழு விளிம்பும் தெரிகிறதா என்று பாருங்கள். ஏ4 தாள் 210 மி.மீ அகலம், 297 மி.மீ உயரம். பிரிண்டில் தாளின் அகலம் 168 மி.மீ இருந்தால் உயரம் 238 மி.மீ அளவுக்கு இருக்க வேண்டும். 214 மி.மீ தான் இருக்கிறது என்றால் பத்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. விளிம்பு வெட்டப்பட்டிருந்தால் படத்தின் கட்டங்கள் சதுரமாக இருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

அனுப்புகிறவரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். தாளை மேசையில் சமமாக வைத்து, நேர் மேலிருந்து, சற்று உயரத்திலிருந்தே ஜூம் செய்து, நான்கு மூலையும் தெரியும்படி எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேன் செய்யும் செயலி இருந்தால் சாய்வை அதுவே சரி செய்யும். ஆனால் நான்கு மூலைப் புள்ளிகளும் தாளின் மூலையிலேயே நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் சேமிக்க வேண்டும். ஒரு புள்ளி தவறி மேசை விளிம்பில் நின்றால் புதிதாக ஒரு கோணலை அதுவே உண்டாக்கிவிடும்.

வினாத்தாளில் 1 செ.மீ = 1 கி.மீ என்று இருக்கிறது. 8 கி.மீ என்று குறித்த கோடு என் பிரிண்டில் 6.2 செ.மீ தான் வருகிறது. அப்போது மற்ற தூரங்களை எப்படி எடுப்பது?
(ஏற்காடு, பத்தாம் வகுப்பு மாணவர்)

அச்சிட்ட அந்த அளவுத்திட்டம் மூலத்தாளுக்கு மட்டும்தான். உன் பிரிண்டில் 1 செ.மீ என்பது 8-ஐ 6.2-ஆல் வகுத்தது, அதாவது ஏறக்குறைய 1.29 கி.மீ. தூரம் தெரிந்த ஒரு கோடு இருந்தால் போதும், இப்படிப் புதிய அளவுத்திட்டத்தை நீயே கண்டுபிடித்துக்கொள்ளலாம். படம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கியிருந்தால் மட்டுமே இது சரி. எனவே முதல் கேள்விக்குச் சொன்ன சோதனையைச் செய்துவிட்டு இதற்கு வா.

வரைபடத்தின் அடியில் கோடாக வரைந்து கிலோமீட்டர் குறித்திருந்தால் இன்னும் நல்லது. படம் சுருங்கும்போது அந்தக் கோடும் கூடவே சுருங்கும், அதை வைத்தே அளந்துவிடலாம். 1:50,000 என்று எண்ணாக மட்டும் எழுதியது நகல் எடுத்தவுடன் பொய்யாகிவிடும்.

கோபுரத்திலிருந்து 8 கி.மீ தொலைவில் 065° திசையில் ஒரு பங்களா. காட்டில் எழும் புகை கோபுரத்திலிருந்து 110° திசையிலும், பங்களாவிலிருந்து 200° திசையிலும் தெரிகிறது. புகை கோபுரத்திலிருந்து எவ்வளவு தூரம்? எனக்கு 10.4 கி.மீ வந்தது, விடை 5.7 கி.மீ என்கிறார்கள்.
(அஸ்தம்பட்டி, மாணவி)

10.4 என்று நீ எழுதியதே நல்லதாகப் போயிற்று அம்மா, எந்த இடத்தில் தவறியது என்று அதிலேயே தெரிகிறது. பங்களாவில் 200°-க்குப் பதிலாக 160° வரைந்திருக்கிறாய்.

முதலிலிருந்து வரைவோம். 1 செ.மீ = 1 கி.மீ என்று வைத்துக்கொள். தாளின் இடது பக்கம் நடுவில் கோபுரத்துக்குப் புள்ளி வை. பங்களா வலது மேலே போகும், புகை வலது கீழே வரும், இரண்டுக்கும் இடம் வேண்டும். புள்ளியிலிருந்து நேர் மேலே வடக்குக்கோடு போடு. பாகைமானியின் மையம் புள்ளி மேல், அதன் சுழியக் கோடு வடக்குக்கோட்டின் மேல், வளைவு வலப்பக்கம் இருக்கட்டும். வடக்கில் 0 என்று தொடங்கும் வரிசை எதுவோ அதை மட்டும் பார்த்து, கடிகார முள் சுற்றும் பக்கமாக 65-க்கும் 110-க்கும் பென்சில் முனையால் புள்ளி வை. 65 வழியாகக் கோட்டை நீட்டி 8 செ.மீ-இல் பங்களாவைக் குறி. 110 வழியாகப் போகும் கோட்டை நீளமாகவே விட்டுவிடு, புகை அதில் எங்கோ இருக்கிறது.

அப்புறம் பங்களாவுக்குப் போ. அங்கே புதிதாக ஒரு வடக்குக்கோடு வேண்டும், மூலைமட்டத்தை நகர்த்தி முதல் கோட்டுக்கு இணையாகவே போடு. கோபுரத்துக்குப் போகும் சாய்ந்த கோட்டிலிருந்து அளக்காதே. அரைவட்டப் பாகைமானியில் 200 கிடையாது. அதனால் வடக்குக்கோட்டைக் கீழ்ப்பக்கம் நீட்டித் தெற்கு வரை கொண்டு வா, அங்கே 180° முடிகிறது. இன்னும் 20° கடிகார முள் போகும் பக்கம் போக வேண்டும். தெற்கைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் மேற்கு, அதாவது உன் இடதுகை பக்கம். நீ அந்த 20°-ஐ வலதுகை பக்கம், கிழக்கு நோக்கி எடுத்துவிட்டாய். அதனால்தான் கோடு தள்ளிப் போய் 10.4-இல் வெட்டியது.

சரியாக வரைந்தால் இரண்டு கோடுகளும் கோபுரத்திலிருந்து ஏறக்குறைய 5.7 செ.மீ தூரத்தில் வெட்டும். இதை அளக்காமலே சோதிக்கலாம். கோபுரத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே 110 கழித்தல் 65, அதாவது 45°. பங்களாவிலிருந்து கோபுரத்தைத் திரும்பிப் பார்த்தால் 65 + 180 = 245°. அதிலிருந்து 200-ஐக் கழித்தால் அங்கேயும் 45°. ஆக, புகை இருக்கும் இடத்தில் செங்கோணம், இரண்டு பக்கமும் சமம். 8-ஐ √2-ஆல் வகுத்தால் 5.66. உன் படத்தில் வெட்டும் இடத்தில் மூலைமட்டத்தின் செங்கோணம் பொருந்தவில்லை என்றால் ஏதோ ஒரு கோணம் பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

65° என்று எழுதினால் மதிப்பெண் குறையுமா?

திசைக்கோணத்தை மூன்று இலக்கமாக எழுதுவதுதான் முறை. 065° என்றே எழுதுங்கள்.

படத்தின் கீழே 'அளவுப்படி வரையப்படவில்லை' என்று இருக்கிறது. இருந்தாலும் அளந்தால் விடைக்கு நெருக்கமாக வருகிறது. அளக்கலாமா?
(ஆத்தூரிலிருந்து)

கூடாது. அந்தப் படம் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்ட மட்டும்தான். கொடுத்த எண்களை வைத்துக் கணக்கிட வேண்டும், அல்லது நீங்களே அளவோடு வரைய வேண்டும். அருகில் வந்தது தற்செயல், அடுத்த கேள்வியில் கைவிட்டுவிடும்.

பிள்ளைகளைக் கஞ்சமலைக்கு அழைத்துப் போய்க் காந்த ஊசியால் திசைக்கோணம் எடுக்க வைத்தேன். திரும்பி வந்து தாளில் வரைந்தால் கோடுகள் சேரவே இல்லை. பிள்ளைகள் கவனமாகத்தான் எடுத்தார்கள்.
(ஒரு கணித ஆசிரியை)

அவர்களைக் குறை சொல்ல வேண்டாம் மேடம். கஞ்சமலையின் இரும்புத் தாது மேக்னடைட், காந்தத்தை இழுக்கும் கல். அதன் பக்கத்தில் நின்றால் ஊசி வடக்கை விட்டு விலகிவிடும். வினாத்தாளில் வடக்குக்கோடு அச்சிட்டிருக்கிறது, மலையில் அந்தக் கோட்டையே ஊசிதான் கொடுக்க வேண்டும். ஊசி பிசகினால் அந்த இடத்தில் எடுத்த எல்லாக் கோணமும் ஒரே அளவு பிசகும்.

நில அளவைக்காரர்கள் இதைத் திரும்பிப் பார்க்கும் கோணத்தால் கண்டுபிடிப்பார்கள். ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குக் கோணம் எடுங்கள், பிறகு அங்கே போய்த் திரும்பி இங்கே எடுங்கள். இரண்டுக்கும் சரியாக 180° வித்தியாசம் இருக்க வேண்டும். போகும்போது 072°, திரும்பும்போது 259° என்றால் 7° எங்கோ போயிருக்கிறது, இரண்டில் ஓர் இடத்திலாவது கல் இழுக்கிறது. எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே 180° சரியாக வருகிறதோ, அவை இரண்டும் பெரும்பாலும் இழுப்பு இல்லாத இடங்கள். அங்கிருந்து எடுத்த கோணங்களை நம்பி, மற்ற இடங்களின் கோணங்களை அந்தப் பிசகு அளவுக்குத் திருத்திக்கொள்ளலாம். இன்னொரு முறை போகும்போது இதையே பாடமாக நடத்திவிடலாம்.

எத்தனை டிகிரி வரை பிசகலாம்?
(ஏற்காடு மாணவரே மறுபடியும்)

விடைக்குறிப்புகளில் பொதுவாக ஒன்றிரண்டு டிகிரி முன்பின் இருந்தால் ஏற்கிறார்கள். 8 செ.மீ கோட்டின் முனையில் 1° என்பது 1.4 மி.மீ. சிறிய பாகைமானியின் விளிம்பில் அதுவே ஒரு மி.மீ கூட வராது. அதனால் படத்தில் இருக்கும் குட்டைக் கோட்டை முதலில் ஸ்கேல் வைத்துப் பாகைமானி விளிம்பைத் தாண்டும் வரை நீட்டு, பிறகு அளந்து படி. பென்சில் முனை கூர்மையாக இருக்கட்டும்.