மெட்ரோவில் முன்பெட்டியா, கடைசிப் பெட்டியா?

"நாகர்கோவிலிலிருந்து ரயிலில் எழும்பூர் வந்து, மெட்ரோவில் வடபழனி போவேன். எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்கட்டுப் பக்கம் இறங்கலாம்?"

படிக்கட்டு நகராது, ரயிலின் முன்பக்கம்தான் திசைக்கேற்ப மாறும். அதனால் 'முன்', 'பின்' என்று மனப்பாடம் செய்யாதீர்கள். படி எந்த ஸ்டேஷன் பக்கம் என்று பாருங்கள். எழும்பூரிலிருந்து வரும்போது வடபழனிக்கு முந்தைய ஸ்டேஷன் அரும்பாக்கம். நீங்கள் போக வேண்டிய வாசலின் படி வடபழனியில் அரும்பாக்கம் பக்கம் இருந்தால், கடைசிப் பெட்டி. எதிர்த்திசையில் ஆலந்தூரிலிருந்து வந்தால் அதே பக்கத்துப் படிக்கு முதல் பெட்டி.

முதல் தடவை எங்கே ஏறினாலும் சரி, இறங்கியதும் படிக்குப் போக ரயிலின் முன்பக்கமாக நடந்தீர்களா பின்பக்கமாக நடந்தீர்களா என்று கவனியுங்கள். அடுத்த தடவை அந்த நடையை எழும்பூர் பிளாட்பாரத்தில் காத்திருக்கும்போதே நடந்துவிடலாம். மொத்தம் 4 பெட்டிதான். தாமதமாக ஓடிவந்து ஏறினாலும், கூட்டமில்லை என்றால் உள்ளேயே நடக்கலாம். ஆனால் ஊர்ப் பையும் நேந்திரங்காய் சிப்ஸ் மூட்டையுமாக வந்தால் லிஃப்ட்டைத்தான் குறிவைக்க வேண்டும். அது படிக்குப் பக்கத்திலேயே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.