காம்போவை எப்போது இறக்குவது?

கேள்வி: ஸ்கோர் அட்டாக் கேம்ல காம்போ மீட்டரும் மல்டிப்ளையரும் என்னதான் பண்ணுது? நிதானமா ஆடுற எனக்கு ஸ்கோரே ஏற மாட்டேங்குது. கண்டபடி ரிஸ்க் எடுக்கிற என் ஃபிரண்டு மட்டும் எப்பவும் மேலேயே இருக்கானே, எப்படி?

உங்கள் நண்பருக்குத் தெரிந்தோ தெரியாமலோ கணக்கு அவர் பக்கம் இருக்கிறது. அந்தக் கணக்கைக் காட்ட டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் என்ற ஸ்கேட்போர்டு கேமை எடுத்துக்கொள்கிறேன். முதல் கேம் 1999இல் வந்தது. சென்னையில் என் வயதுக்காரர்கள் பலர் ரிச்சி ஸ்ட்ரீட் சிடியிலோ, மணிக்கணக்கில் காசு கொடுத்து உட்காரும் கேம் கடையிலோதான் இதைப் பழகினோம். பெரம்பூரில் நாங்கள் போன கடையில் ஒருவன் ஆடினால் பின்னால் நான்கு பேர் நிற்பார்கள். அதில் இரண்டு பேர் "போதும், இறக்குடா!" என்று கத்துவார்கள், மற்ற இரண்டு பேர் "இன்னும் ஒண்ணு போடுடா!" என்பார்கள். கேமின் மொத்தச் சூட்சுமமும் அந்தச் சண்டைக்குள்தான் இருக்கிறது.

ஒரு ஆட்டம் இரண்டு நிமிடம். பலகையோடு எகிறி ஒரு ட்ரிக் போடுகிறீர்கள், கம்பியில் ஏறிச் சறுக்குகிறீர்கள், அங்கிருந்து இறங்கி அடுத்ததைப் போடுகிறீர்கள். நடுவில் சாதாரணமாக உருளாமல் இப்படித் தொடர்ந்து கோத்துக்கொண்டே போனால் அதுதான் காம்போ. திரையின் கீழே இரண்டு எண்கள் ஓடும். இடது பக்கம் எல்லா ட்ரிக்குகளின் புள்ளிகளையும் கூட்டிய தொகை, வலது பக்கம் எத்தனை ட்ரிக் என்ற எண்ணிக்கை, அதுதான் மல்டிப்ளையர். ஒழுங்காகத் தரையிறங்கினால் இரண்டையும் பெருக்கி உங்கள் கணக்கில் சேர்ப்பார்கள். விழுந்தால் அந்த காம்போவுக்குப் பூஜ்யம். கபடியில் ரெய்டு போனவன் எத்தனை பேரைத் தொட்டாலும் நடுக்கோட்டுக்குத் திரும்பினால்தானே தொட்ட புள்ளி கிடைக்கும், அதே கதை.

இப்போது ஒவ்வொரு ட்ரிக்குக்கும் 100 புள்ளி என்று வைத்துக்கொள்வோம் (உண்மையில் ட்ரிக்கைப் பொறுத்து மாறும்). பத்து ட்ரிக் கோத்தால் தொகை 1000, அதைப் பத்தால் பெருக்கினால் 10,000. இருபது ட்ரிக் கோத்தால் 2000 பெருக்கல் 20, அதாவது 40,000. அதே இருபது ட்ரிக்கைப் பத்து பத்தாக இரண்டு தடவை இறக்கினால் மொத்தமே 20,000தான். செய்த வேலை ஒன்று, கிடைத்தது பாதி. நிதானமாக ஆடுபவருக்கு ஸ்கோர் ஏறாததற்கு முதல் காரணம் இதுதான். அவர் குறைவாக ஆடவில்லை, அடிக்கடி இறக்கிவிடுகிறார்.

ஆனால் விழுந்தால் எல்லாம் போகுமே, அந்த பயம் நியாயமானதுதானே? நியாயம்தான், ஆனால் அதற்கும் ஒரு அளவு இருக்கிறது. ஐந்து ட்ரிக் முடிந்து கையில் 2500 இருக்கிறது. ஆறாவது விழுந்தால் 2500 போய்விடும், விழாவிட்டால் 3600 ஆகும். 2500ஐ 3600ஆல் வகுத்தால் ஏறக்குறைய 69 சதவீதம் வரும். ஆறாவது ட்ரிக் உங்களுக்கு நூற்றுக்கு 69 தடவைக்கு மேல் வரும் என்றால் போடுவது லாபம். பத்து ட்ரிக் முடிந்த நிலையில் இதே கணக்கு 83 சதவீதம் என்கிறது, இருபதில் கிட்டத்தட்ட 91. அதாவது காம்போ நீள நீள, அடுத்த அடியில் உங்களுக்கு வேண்டிய உறுதியும் ஏறிக்கொண்டே போகிறது.

பெருக்கலே இல்லாமல், புள்ளிகளை வெறுமனே கூட்டி, விழுந்தால் போச்சு என்று மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகும்? பத்து ட்ரிக்கில் 1000 இருக்கும், அடுத்தது போட்டால் 1100. இங்கே 91 சதவீத உறுதி வேண்டும். பெருக்கல் அதை 83 ஆக இறக்கிவிட்டது. மல்டிப்ளையர் ரிஸ்க்குக்குப் பரிசு தருகிறது என்று சொல்வதன் நேரடிப் பொருள் இதுதான்: எவ்வளவு சந்தேகத்தோடு அடுத்த அடியை வைக்கலாம் என்பதன் வரம்பை அது தளர்த்துகிறது.

இதை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்ப்போம். ஒவ்வொரு ட்ரிக்கும் உங்களுக்கு 90 சதவீதம் சரியாக வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கூட்டல் கேம் என்றால் ஒன்பது அல்லது பத்தாவது ட்ரிக்கில் இறக்குவதுதான் சராசரியில் அதிகம் தரும். பெருக்கல் கேமில் அந்த இடம் பத்தொன்பதுக்குப் போய்விடுகிறது. இரண்டு மடங்கு தூரம்! ஆனால் பத்தொன்பது ட்ரிக்கும் விழாமல் வருவது ஏறக்குறைய ஏழில் ஒரு தடவைதான். ஏழு முயற்சியில் ஆறு தடவை தரையில் கிடப்பவனைப் பார்த்தால் கண்டபடி ஆடுகிறான் என்றுதான் தோன்றும். சராசரிக் கணக்குப்படியே அவன் ஆடுவதுதான் சரி. போதாததற்கு ஸ்கோர் பலகையில் சராசரியை யாரும் எழுதுவதில்லை, ஆகச் சிறந்த ஆட்டத்தை மட்டும்தான் எழுதுகிறார்கள். விழுந்தால் ரீஸ்டார்ட் அழுத்த ஒரு செலவும் கிடையாது. அதனால் பலகையின் உச்சியில் இருப்பவர்கள் அந்தப் பத்தொன்பதையும் தாண்டிப் போவார்கள்.

சரி, இப்படியே போனால் கேம் கெட்டுப்போகாதா? போகும். ஒரே சுலபமான ட்ரிக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு எண்ணிக்கையை ஏற்றினால் போதுமே. அதற்கு இரண்டு கடிவாளம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, ஒரே ட்ரிக்கை மறுபடி மறுபடி போட்டால் அதன் புள்ளி தேய்ந்துகொண்டே வரும். இது பார்க்கப் பெரிய கடிவாளம் போல இருக்கும், உண்மையில் பலவீனமானது. கையில் 2000 தொகையும் 10 எண்ணிக்கையும் இருக்கும்போது, தேய்ந்துபோய் வெறும் 10 புள்ளி தரும் ட்ரிக் ஒன்றைப் போடுங்கள். 2010 பெருக்கல் 11, அதாவது 22,110. முன்பு 20,000. பத்துப் புள்ளி ட்ரிக் 2110 சம்பாதித்துக் கொடுத்துவிட்டது, ஏனென்றால் எண்ணிக்கை மட்டும் தேய்வதே இல்லை.

நிஜமான கடிவாளம் பேலன்ஸ் முள். கம்பியில் சறுக்கும்போது முள் இடமும் வலமும் ஆடும். தரையில் இரண்டு சக்கரத்தில் மட்டும் உருளும் மேனுவலில் மேலும் கீழும் ஆடும், அதற்கு எதிர்ப்பக்கம் தட்டித் தட்டி நடுவில் நிறுத்த வேண்டும். இந்த மேனுவல் 2000இல் வந்த இரண்டாவது கேமில்தான் நுழைந்தது. அதற்கு முன் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் தரை வந்தாலே காம்போ செத்துவிடும். மேனுவல் வந்த பிறகு தரையும் பாலம் ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு மூன்றாவது கேமில் ரிவர்ட் வந்து, வளைந்த சரிவில் ஏறி இறங்குவதையும் காம்போவுக்குள் கொண்டுவந்தது. இப்படி வழியெல்லாம் திறந்துவிட்டதால் முள்தான் கடைசிக் காவல். நேரம் ஆக ஆக அது பதறும். உங்களுக்கு வேண்டிய உறுதி 83, 91 என்று ஏறும்போது, உண்மையில் உங்களால் முடிவது 95, 90, 85 என்று இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் இறக்க வேண்டும். கடையில் பின்னால் நின்று கத்திய இரண்டு கோஷ்டிக்கும் சண்டை அந்த இடம் எது என்பதில்தான்.

இதிலிருந்து உடனே பயன்படுத்தக்கூடிய ஒரு விஷயம் சொல்கிறேன். இந்த கேமில் பெருக்கல் கடைசியில்தான் நடக்கிறது. அதனால் 3000 புள்ளி தரும் கஷ்டமான ஸ்பெஷல் ட்ரிக்கை முதலில் போட்டாலும் கடைசியில் போட்டாலும் விடை ஒன்றே. அப்படியானால் எப்போது போடுவது? முதலில். விழுந்தாலும் போக எதுவும் இல்லாத நேரம் அது. கையில் பெரிய தொகை சேர்ந்த பிறகு கைக்குப் பழகிய சின்ன ட்ரிக்குகளால் எண்ணிக்கையை மட்டும் ஏற்றுங்கள். நிறையப் பேர் தலைகீழாக, க்ளைமாக்ஸ் மாதிரி கடைசியில் பெரியதைப் போட்டு விழுகிறார்கள்.

எல்லா மல்டிப்ளையரும் இப்படி வேலை செய்வதில்லை. பாட்டுக்கேற்ப பட்டன் அடிக்கும் கிட்டார் ஹீரோ கேமில் பத்து நோட் தவறாமல் அடித்தால் இரண்டு மடங்கு, இருபதில் மூன்று, முப்பதில் நான்கு. அங்கே கிடைத்த புள்ளி அப்போதே உங்களுடையது, தவறினால் மடங்கு மட்டும்தான் ஒன்றுக்கு இறங்கும். ஒரு நோட்டுக்கு 50 புள்ளி என்ற கணக்கில், மறுபடி நான்கு மடங்கை எட்டுவதற்குள் சுமார் 3000 புள்ளி நஷ்டம், அதற்கு மேல் போகாது. வருகிற நோட்டை அடிப்பதைத் தவிர அங்கே உங்களுக்குப் பெரிதாகத் தேர்வும் இல்லை. அது கவனத்துக்குத் தரும் பரிசு. ரிஸ்க்குக்குப் பரிசு என்றால் பாதுகாப்பான வழி ஒன்று பக்கத்திலேயே திறந்திருக்க வேண்டும். 1980இன் பேக்மேனில் அது இருந்தது: ஒரு பெரிய பொட்டைத் தின்றபின் பேய்களை வரிசையாகப் பிடித்தால் 200, 400, 800, 1600. நான்கு பெரிய பொட்டுக்கும் நான்கு நான்கு பேய் பிடித்தால் 12,000. அந்த சுற்றின் பொட்டுகளை எல்லாம் தின்று முடித்தால் வருவது வெறும் 2600. பயந்தவுடன் பெரிய பொட்டைத் தின்பவருக்கு ஒரு பேய் கிடைக்கும். நான்கும் மூக்குக்குக் கிட்டே வரும்வரை அதன் பக்கத்திலேயே நிற்பவருக்கு 3000.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சீக்கிரம் இறக்குகிறீர்களா என்று பார்க்க, உங்கள் நீண்ட காம்போக்களில் எத்தனை ஒழுங்காக முடிகிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு ட்ரிக்கும் ஒரே அளவு கஷ்டம் என்றால் ஏழில் ஒன்று முடிந்தால் போதும் என்று பார்த்தோம். முள் சீராகக் கடினமாகிக்கொண்டே போனால் அது மூன்றில் ஒன்று பக்கம் வரும். பத்தில் ஒன்பது காம்போவை நீங்கள் பத்திரமாக இறக்குகிறீர்கள் என்றால் ரொம்பவே முன்னால் இறக்குகிறீர்கள். நேரம் தீரும்போது காம்போ நடுவில் இருந்தால் அது முடியும்வரை கேம் உங்களை விட்டுவைக்கும். அதனால் பெரிய காம்போவைக் கடைசிப் பதினைந்து இருபது வினாடி இருக்கும்போது தொடங்குங்கள். கடிகாரம் பூஜ்யம் ஆன பிறகு உங்களை நிறுத்த முள்ளைத் தவிர வேறு எதுவும் இல்லை.