‘ஆக்டிவ்’ என்று இருந்தால் போதுமா?

கேள்வி: நண்பர் ஒருவர் தன் பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பங்குதாரராகச் சேரச் சொல்கிறார், 5 லட்சம் கேட்கிறார். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் பார்த்தேன்: ‘Active’ என்று இருக்கிறது, கடைசி ஆண்டுப் பொதுக்கூட்டம், அதாவது ஏ.ஜி.எம்., 30/09/2024, பேலன்ஸ் ஷீட் 31/03/2024. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது?

பதில்: ‘Active’ என்றால் பதிவேட்டிலிருந்து கம்பெனியின் பெயரை இன்னும் நீக்கவில்லை, அவ்வளவுதான். நீங்கள் பார்த்த இரண்டு தேதிகளும் கம்பெனியே படிவத்தில் எழுதிக் கொடுத்தவை. படிவம் என்றைக்கு வந்து சேர்ந்தது என்பது அங்கே தெரியாது. அதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அதே தளத்தில் ‘View Public Documents’ பகுதியில் 100 ரூபாய் கட்டினால் தாக்கல் செய்த ஆவணங்கள் திறக்கும். ‘Annual Returns and Balance Sheet eForms’ என்ற பிரிவில் ஒவ்வொரு படிவத்துக்கும் எதிரே தாக்கல் தேதி இருக்கும். ஏ.ஜி.எம். நடந்த 30 நாளுக்குள் AOC-4, அதாவது கணக்கு. 60 நாளுக்குள் MGT-7, அதாவது ஆண்டு ரிட்டர்ன். சிறிய கம்பெனி என்றால் MGT-7A.

என்னிடம் வந்த ஒருவர் காட்டிய கம்பெனிக்கும் உங்களுடையதைப் போலவே தேதிகள் பளிச்சென்று இருந்தன. பட்டியலைத் திறந்தால் 2021-22, 2022-23, 2023-24 மூன்று ஆண்டுப் படிவங்களும் 2025 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் ஏறியிருந்தன. முதலீட்டாளரைத் தேடக் கிளம்பும் முன் அவசரமாக வீட்டுக்கு வெள்ளையடித்த கதை. தாமதக் கட்டணம் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய். 2022 நவம்பர் 29-க்குள் வந்திருக்க வேண்டிய MGT-7A, 2025 பிப்ரவரி 10 அன்று வந்தது. 804 நாள், 80,400 ரூபாய். இது ஒரே ஒரு படிவத்துக்கு.

அதைவிட என்னை உறுத்தியது வேறு. 2021-22 கணக்கின் ஆடிட்டர் அறிக்கையைத் திறந்து, ஆடிட்டர் தான் கையெழுத்திடும் ஆவணத்துக்காக எடுக்கும் யூ.டி.ஐ.என். எண்ணைப் பார்த்தேன். 18 இலக்கமுள்ள அந்த எண்ணின் முதல் இரண்டு இலக்கம், எண் உருவான ஆண்டைக் காட்டும். அதில் 25 என்று இருந்தது. கையெழுத்துப் போட்ட 60 நாளுக்குள் அந்த எண்ணை எடுத்தாக வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஆடிட்டர் கையெழுத்துப் போட்டதே 2024 கடைசியிலோ அதற்குப் பிறகோதான். 2022 செப்டம்பரில் நடந்ததாகச் சொன்ன ஏ.ஜி.எம்.மில் எந்தக் கணக்கை வைத்தார்கள்? கூட்டமே காகிதத்தில்தான் நடந்திருக்கிறது. அவரைப் பணம் போட வேண்டாம் என்றேன்.

ஒரு முறை ஒரு மாதம் பிந்தியதெல்லாம் பெரிய குற்றமில்லை; சிறு கம்பெனிகளில் ஆடிட்டர் வேலை இழுத்தடிப்பது சகஜம். தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கலே இல்லையென்றால்தான் இயக்குநர்கள் தகுதி இழப்பார்கள். கம்பெனி போன வருடம் தொடங்கியதென்றால் ஏ.ஜி.எம். கட்டம் காலியாக இருந்தாலும் தப்பில்லை. முதல் கூட்டத்துக்கு நிதியாண்டு முடிந்து 9 மாதம் அவகாசம் உண்டு.

நண்பரிடம் மூன்று ஆண்டு AOC-4, MGT-7 செலான்களைக் கேளுங்கள். தாமதக் கட்டணம் கட்டியிருந்தால் அதில் தனி வரியாக இருக்கும். தேட நேரம் கேட்டாரென்றால், அந்த 100 ரூபாயை நீங்களே கட்டிப் பாருங்கள்.